வால்வு ரேடியோவில் ஒலியைச் சுழியத்தில் வைத்தாலும் நிற்காத ஹம்: ஃபில்டர் கண்டென்சரை எப்படி மாற்றுவது?

மல்லேஸ்வரம்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1960களில் வாங்கிய மேசை ரேடியோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இசட்.80 என ஐந்து வால்வுகள். அவற்றில் இரண்டின் மீது இங்கேயே தயாரான பி.இ.எல். முத்திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு வானொலி நன்றாகவே வருகிறது. ஆனால் நிகழ்ச்சிக்குப் பின்னால் கனத்த உறுமல் ஒன்று தொடர்ந்து கேட்கிறது. ஒலியளவுக் குமிழை முழுவதும் குறைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது, உறுமல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபில்டர் கண்டென்சர் போயிருக்கும் என்று கேள்விப்பட்டேன். சேசிஸின் மேல் நிற்கும் அலுமினிய டப்பாவில் 50+50 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. சால்டரிங் எனக்குப் பழக்கம்தான், ஆனால் இவ்வளவு வோல்டேஜ் உள்ள பெட்டியில் இதுவரை கை வைத்ததில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இந்திராநகர் அலைவரிசை:
இன்று எல்லா வீட்டிலும் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்பேசி சார்ஜர் ஆகியவை இருக்கின்றன. மத்திய அலை ரேடியோவில் இவை கிளப்பும் இரைச்சல்தான் பெரும்பாலும் உறுமலாகக் கேட்கிறது. வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோ ஒன்றை அதே இடத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் படிக்கட்டு விளக்கை மாற்றியதும் பாதி இரைச்சல் போய்விட்டது.

ஜாலஹள்ளிக்காரர்:
இந்திராநகர் நண்பர் சொல்வது உண்மையான தொல்லைதான், ஆனால் இங்கே கேட்கப்பட்டது அதுவல்ல. ஏரியல் வழியாக நுழையும் இரைச்சல் ஒலியளவுக் குமிழைக் கடந்துதான் ஸ்பீக்கருக்கு வர முடியும். எனவே குமிழைக் குறைத்தால் அதுவும் குறைந்தாக வேண்டும். மல்லேஸ்வரம் தம்பியின் ரேடியோவில் குமிழைச் சுழியத்தில் வைத்தும் உறுமல் அசையவில்லை. அப்படியானால் அது குமிழுக்குப் பின்னால், அதாவது பவர் சப்ளையிலோ கடைசி இரண்டு வால்வுக் கட்டங்களிலோ பிறக்கிறது. கண்டென்சர் வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஹம்மின் சுருதி. ரெக்டிஃபையர் வால்வான ஈ.இசட்.80 மின்னோட்டத்தின் இரு அரைகளையும் திருத்துவதால், அங்கே டி.சி.யில் மிஞ்சும் ஏ.சி. சலனம் விநாடிக்கு 100 முறை வரும். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கோ கிரிட்டுக்கோ கசியும் ஹம் 50 முறை வரும், காதுக்கு அது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சுருதிப் பெட்டியோடு பழகிய காது உள்ளவர்கள் இதை எளிதாகப் பிரித்தறிவார்கள். மற்றவர்கள் மீட்டரை நம்பலாம்.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஒரு கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிடுங்கள். ரேடியோ ஓடும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை மட்டும் மற்றக் கையால் வையுங்கள். ஈ.இசட்.80இன் 3ஆம் காலில் டி.சி. எவ்வளவு, அதே இடத்தில் ஏ.சி. எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்டென்சரின் இரண்டாவது பகுதியிலும் அவ்வாறே அளங்கள். சில மலிவான மீட்டர்கள் ஏ.சி. அளவீட்டில் டி.சி.யைத் தடுக்காமல் பொய்க் கணக்குக் காட்டும். 9 வோல்ட் பேட்டரியை ஏ.சி. ரேஞ்சில் இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இரு முறையும் ஏறக்குறைய சுழியம் வந்தால் மட்டும் அந்த மீட்டரை நம்புங்கள்.

கூடவே ஈ.எல்.84இன் 2ஆம் காலையும் டி.சி.யில் பாருங்கள். அங்கே பாசிட்டிவ் வோல்டேஜ் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கண்டென்சர் கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவு வால்வை அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்க வைத்து, நல்ல ஃபில்டரையும் கெட்டுப்போனது போலக் காட்டிவிடும்.

மல்லேஸ்வரம்வாசி:
மிக்க நன்றி ஐயா. மீட்டர் பேட்டரிச் சோதனையில் தேறியது. ஈ.இசட்.80இன் 3ஆம் காலில் டி.சி. 190 வோல்ட், ஏ.சி. 24 வோல்ட். இரண்டாவது பகுதியில் ஏ.சி. 5 வோல்ட். ஈ.எல்.84இன் 2ஆம் காலில் ஏறக்குறைய சுழியம். டிரான்ஸ்ஃபார்மர் 250-0-250 என்று முதுகுப் பலகையில் ஒட்டியிருக்கும் வரைபடம் சொல்கிறது. இரு பகுதிகளுக்கும் நடுவே ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது.

ஜாலஹள்ளிக்காரர்:
இந்த எண்களிலேயே நோய் தெரிந்துவிட்டது. முதல் கண்டென்சரின் வேலை, ரெக்டிஃபையர் துண்டு துண்டாக ஊற்றும் மின்னேற்றத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த துண்டு வரும்வரை ரேடியோவுக்குக் கொடுப்பது. மழைக்கும் மழைக்கும் இடையே ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரி தூர்ந்துபோனால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. உங்கள் ரேடியோ ஏறக்குறைய 65 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 மைக்ரோஃபாரட் முழுமையாக இருந்தால் அங்கே மூன்று, மூன்றரை வோல்ட் ஏ.சி.தான் மிஞ்ச வேண்டும். 24 வோல்ட் மிஞ்சுகிறது என்றால் இப்போது ஆறு, ஏழு மைக்ரோஃபாரட்தான் உயிரோடு இருக்கிறது. டி.சி. 250க்குப் பக்கத்தில் நிற்காமல் 190க்கு இறங்கியதற்கும் அதுவே காரணம்.

இரண்டாவது பகுதியும் தளர்ந்திருக்கிறது. ஆயிரம் ஓமும் 50 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் சலனத்தை முப்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். உங்களிடம் ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஈ.எல்.84 பென்டோடு என்பதால் அதன் ஆனோடில் உள்ள சலனம் ஸ்பீக்கருக்கு அவ்வளவாகப் போகாது. ஸ்கிரீன் கிரிட்டுக்கும் முந்தைய வால்வுக்கும் போகும் சலனம்தான் பெரிதாகிக் கேட்கிறது, அந்த இரண்டுக்கும் சப்ளை கொடுப்பது இந்த இரண்டாவது பகுதி. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றி நிறுத்தாமல் இரண்டையும் மாற்றுங்கள்.

சிவாஜிநகர் ஸ்பீக்கர்:
இவ்வளவு கணக்கு தேவையில்லை என்பது என் கருத்து. எஸ்.பி. ரோட்டில் 220 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர் கிடைக்கிறது. பழையதை எடுக்கக்கூட வேண்டாம், அதன் குறுக்கே பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் வைத்து சால்டர் செய்துவிட்டால் ஹம் அடியோடு போய்விடும். கண்டென்சர் பெரிதாக இருக்க இருக்க நல்லது. நான் பல ஆம்ப்ளிஃபையர்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஜாலஹள்ளிக்காரர்:
பெரிய கண்டென்சரில் சலனம் குறையும் என்பது சரிதான். ஆனால் இந்த வேலையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வால்வு ரெக்டிஃபையர் தீர்மானிக்கிறது. முதல் கண்டென்சர் அதிகபட்சம் 50 மைக்ரோஃபாரட் என்பது ஈ.இசட்.80இன் தரவுத் தாளில் உள்ள எல்லை. ஈ.இசட்.81க்கும் அதே 50தான், ஜி.இசட்.34 என்றால் 60. கண்டென்சர் பெரிதாகும்போது ஒவ்வொரு துண்டு மின்னேற்றமும் குறுகிய நேரத்தில் பெரிய வீச்சாகப் பாய்கிறது. சூடான நிலையில் அணைத்து உடனே மறுபடி போட்டால், காலியான 220 மைக்ரோஃபாரட்டை நிரப்ப அந்தச் சின்ன கேத்தோடு தன் பூச்சையே இழக்க நேரும், சில சமயம் உள்ளே பொறி பறப்பதைக் கண்ணால் காணலாம். கண்டென்சருக்குச் செலவிடுவது சில ரூபாய். நல்ல ஈ.இசட்.80 இனி எளிதில் கிடைக்காது.

பழையதன் குறுக்கே புதியதை வைப்பதும் சரியல்ல. பழைய கண்டென்சர் கொள்ளளவை மட்டும் இழப்பதில்லை, உள்ளே கசியவும் தொடங்கிவிடும். கசிவு என்றால் சூடு, சூடு என்றால் மேலும் கசிவு. ஒரு நாள் அது முழுவதும் ஷார்ட் ஆகும்போது ரெக்டிஃபையரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். மல்லேஸ்வரம் தம்பி, ரேடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மின்னேற்றத்தை இறக்கிய பிறகு அந்த அலுமினிய டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். வால்வின் வெப்பம் படாத பக்கமும் வெதுவெதுப்பாக இருந்தால் அது உள்ளிருந்து வரும் சூடு.

சிவாஜிநகர் ஸ்பீக்கர்:
என்னிடம் உள்ள ஆம்ப்ளிஃபையர்களில் ரெக்டிஃபையர் வால்வை எடுத்துவிட்டு டயோடு போட்டிருக்கிறேன். அவற்றில் 220 பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஆகையால் பெரிய கண்டென்சரே தவறு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜாலஹள்ளிக்காரர்:
டயோடு போட்டால் அந்த 50 மைக்ரோஃபாரட் எல்லை இல்லை என்பது உண்மை. வேறு இரண்டு விஷயங்கள் வந்து சேர்கின்றன: டி.சி. உயரும், மற்ற வால்வுகள் சூடாவதற்கு முன்பே முழு வோல்டேஜும் எல்லாக் கண்டென்சர்கள் மீதும் ஏறிவிடும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைத் தாங்கியிருக்கின்றன, மகிழ்ச்சி. இந்த ரேடியோவில் வால்வு இருக்கிறது, இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கோரமங்களா வாசகி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமனார் வீட்டு ரேடியோவிலும் இதே போன்ற உறுமல்தான். உள்ளே யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 என்று யு-வில் தொடங்கும் வால்வுகள் இருக்கின்றன, பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் காணவில்லை. கறுப்பு முனையைச் சேசிஸில் மாட்டி அளப்பதை நானும் செய்யலாமா?

ஜாலஹள்ளிக்காரர்:
அம்மா, தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுடையது ஏ.சி./டி.சி. வகை ரேடியோ. அதில் மெயின்ஸ் கம்பியின் ஒரு முனை நேராகச் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. பிளக் எந்தப் பக்கம் செருகப்பட்டது என்பதைப் பொறுத்து, சேசிஸ் முழுவதுமே 230 வோல்ட் உயிரோடு இருக்கலாம். குமிழுக்குள் இருக்கும் சின்னத் திருகாணியைத் தொட்டாலும் போதும். அதைத் திறந்து ஓட்டிப் பார்க்க 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும், சுவரில் உள்ள எர்த் கம்பியை அதில் எங்கும் இணைக்கக் கூடாது. யு.ஒய்.85 அரை அலை ரெக்டிஃபையர் என்பதால் கெட்ட ஃபில்டரின் ஹம்மே அதில் 50ஆகத்தான் ஒலிக்கும், நான் மேலே சொன்ன சுருதிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஹீட்டர்கள் எல்லாம் தொடராக இருப்பதால் ஒரு வால்வைப் பிடுங்கிச் சோதிக்கவும் முடியாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்ததும் தனியாக எழுதுங்கள், விரிவாகப் பார்ப்போம்.

மல்லேஸ்வரம்வாசி:
ஐயா, டப்பா நன்றாகவே சூடாக இருந்தது. எனவே மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். சேசிஸைத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. முன்பு எப்போதோ யாரோ பழுது பார்த்தவர் முதல் பகுதியின் குறுக்கே 16 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வைத்திருக்கிறார். அதன் நெகட்டிவ் முனை ஈ.பி.சி.81இன் அருகே உள்ள சேசிஸ் டேகில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அதன் வயிறு உப்பி, ரப்பர் மூடி ஓரத்தில் பழுப்பு நிறப் பிசின் வழிந்திருக்கிறது. இனி வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜாலஹள்ளிக்காரர்:
நல்லவேளையாகப் பார்த்தீர்கள், அந்த நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசை மீது வையுங்கள். ரேடியோவின் சுவிட்சை அணைப்பது போதாது, அது பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அடுத்து, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் காப்பிட்ட கிளிப் கம்பிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப் சேசிஸில், மற்றது கண்டென்சரின் பாசிட்டிவ் டேகில். பத்து விநாடி போதும், ஆனால் மீட்டர் ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே காட்டும்வரை நம்பாதீர்கள். பிறகு இரண்டாவது பகுதிக்கும் அப்படியே செய்யுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், அந்தப் பொறி டேகையும் கண்டென்சரையும் சேதப்படுத்தும். இறக்கிய கண்டென்சர் சற்று நேரத்தில் தானாகவே சில வோல்ட் மீண்டும் எடுத்துக்கொள்ளும். எனவே வேலை முடியும்வரை கிளிப்பை மாட்டியே வையுங்கள்.

எதையும் அவிழ்க்கும் முன் செல்பேசியில் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்து, எந்த டேகுக்கு எந்த நிறக் கம்பி என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். டப்பாவின் அடியில் இரண்டு பாசிட்டிவ் டேகுகள் இருக்கும். ஈ.இசட்.80இன் 3ஆம் காலோடு தொடர்புள்ளது முதல் பகுதி, ஆயிரம் ஓம் ரெசிஸ்டருக்கு அப்பால் உள்ளது இரண்டாம் பகுதி. டப்பா சேசிஸோடு நேராகச் சேர்ந்திருக்கிறதா, அல்லது நடுவே ஃபைபர் வாஷர் இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். சில ரேடியோக்களில் டப்பாவுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்து, அதில் விழும் வோல்டேஜையே கடைசி வால்வுக்கு பயாஸாகக் கொடுப்பார்கள். அத்தகைய ரேடியோவில் புதிய கண்டென்சரின் நெகட்டிவைச் சேசிஸில் சால்டர் செய்தால், கண்டென்சரின் மின்னோட்டம் அந்த ரெசிஸ்டர் வழியாகச் சுற்றி வந்து கிரிட்டில் ஹம்மைக் கலந்துவிடும்.

புதியதாக 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி வகையில் இரண்டு வாங்குங்கள். பழையதில் 350 என்று இருந்தாலும் 450 கேட்பதற்குக் காரணம் உண்டு. 250 வோல்ட் சுற்றின் உச்சி 353 வோல்ட், நம் வீட்டு மெயின்ஸ் 240ஐத் தொட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் டேப் 220இல் இருந்தால் 385 வரை போகும். ஈ.எல்.84 முழுவதும் சூடாகிச் சுமை ஏறும்வரை கண்டென்சர் அந்த உச்சிக்கு அருகே நிற்க வேண்டியிருக்கும். டேப்பை 240க்கு மாற்றிவிடுவதும் நல்லது. கடையில் வாங்கியதை மீட்டரில் அளந்த பிறகே போடுங்கள், உறையில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக விற்கப்படுவதும் உண்டு.

பழைய டப்பாவை அழகுக்காக மேலே நிற்க விடலாம், ஆனால் அதன் பாசிட்டிவ் டேகுகளில் எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது. கீழே ஒரு டேக் ஸ்டிரிப்பைத் திருகி, புதிய இரண்டையும் அதில் உறுதியாகப் பொருத்துங்கள். உயர் வாட் ரெசிஸ்டருக்கு ஒட்டி வைக்க வேண்டாம்.

இப்போது அந்த நெகட்டிவ் முனை. முதல் கண்டென்சரின் நெகட்டிவ், டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப் சேசிஸைத் தொடும் அதே இடத்துக்குத் தனிக் கம்பியாகப் போக வேண்டும். விநாடிக்கு 100 முறை பாயும் கூரிய மின்னேற்றத் துடிப்புகள் அந்த இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் சுற்ற வேண்டும். முன்பு பழுது பார்த்தவர் அதை ஈ.பி.சி.81 பக்கத்தில் வைத்ததால், அந்தத் துடிப்பு முழுவதும் சிறு ஒலியைப் பெருக்கும் வால்வின் எர்த் வழியாக ஓடி வீடு திரும்புகிறது. சேசிஸ் எல்லாம் ஒன்றே என்று தோன்றும், ஆனால் அந்த மெல்லிய தகட்டில் விழும் மில்லிவோல்ட்டே ஈ.பி.சி.81க்குப் போதுமானது. இரண்டாவது கண்டென்சரின் நெகட்டிவைப் பழைய டப்பா எங்கே எர்த் ஆகியிருந்ததோ அங்கேயே கொடுங்கள்.

முடிந்ததும் பாசிட்டிவ், நெகட்டிவை மறுபடி ஒரு முறை சரிபாருங்கள், தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். முதல் தடவை 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துப் போடுங்கள். பல்பு சட்டென்று எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணையுங்கள்.

மல்லேஸ்வரம்வாசி:
செய்து முடித்துவிட்டேன் ஐயா. என் ரேடியோவில் வாஷர் இல்லை, டப்பா நேராகச் சேசிஸில்தான் இருந்தது. முதலில் இரண்டு கண்டென்சர்களையும் மாற்றி, அந்த நெகட்டிவை மட்டும் சோதனைக்காக ஈ.பி.சி.81 அருகில் உள்ள பழைய டேகிலேயே ஒரு கிளிப் கம்பியால் இணைத்துக் கேட்டேன். கனத்த உறுமல் மறைந்துவிட்டது, ஆனால் ரம்பம் அறுப்பது போன்ற மெல்லிய கூரிய ஒலி மிஞ்சியது. அணைத்து, மின்னேற்றத்தை இறக்கி, அதே கம்பியை டிரான்ஸ்ஃபார்மர் நடு டேப்புக்கு மாற்றியதும் அந்த ஒலியும் நின்றது. பிறகு அங்கேயே சால்டர் செய்தேன். இப்போது முதல் பகுதியில் டி.சி. 252, ஏ.சி. 3.2 வோல்ட், இரண்டாவது பகுதியில் ஏ.சி. 0.1 வோல்ட். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் மிக மெல்லிய ஹம் கேட்கிறது.

ஜாலஹள்ளிக்காரர்:
எண்கள் அனைத்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. காதை ஒட்டினால் கேட்பது இந்த வகை ரேடியோக்கள் புதிதாக வந்தபோதே இருந்ததுதான், அதைத் துரத்திக்கொண்டு கண்டென்சரைப் பெரிதாக்க வேண்டாம். டி.சி. 60 வோல்ட் கூடியிருப்பதால் ஈ.எல்.84இன் கேத்தோடில் எவ்வளவு வருகிறது என்று ஒரு முறை பாருங்கள். ஏழு வோல்ட்டை ஒட்டி இருந்தால் கவலையில்லை.

பசவனகுடி சேகரிப்பாளர்:
மாற்றியது பயன்பாட்டுக்குச் சரி. ஆனால் மூல உறுப்புகளைக் காப்பாற்ற விரும்புபவர்கள் பழைய டப்பாவையே உயர் மதிப்பு ரெசிஸ்டர் வழியாகச் சிறிது சிறிதாக வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம். உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மீண்டும் வளரும். என் சேகரிப்பில் அப்படி ஓடும் ரேடியோக்கள் உண்டு.

ஜாலஹள்ளிக்காரர்:
பயன்படாமல் கிடந்ததால் படலம் மெலிந்த கண்டென்சருக்கு அது பலிக்கும். இந்த டப்பாவில் திரவமே வற்றி, 50 என்பது ஆறு ஏழாகிவிட்டது. வற்றியதை வோல்டேஜ் ஏற்றி மீட்க முடியாது.

பசவனகுடி சேகரிப்பாளர்:
இந்த ஒன்றில் உங்கள் முடிவை ஏற்கிறேன். ஆனால் கொள்ளளவை அளக்காமலேயே எல்லா டப்பாக்களையும் தூக்கி எறியும் வழக்கத்தை ஏற்க மாட்டேன். குறைந்தபட்சம் டப்பாவின் அடியை வெட்டி, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, புதிய கண்டென்சர்களை அதற்குள்ளேயே வைத்து மூடலாம்.

மல்லேஸ்வரம்வாசி:
கேத்தோடில் 7.2 வோல்ட் இருக்கிறது ஐயா. டப்பாவை வெட்டுவதா, கம்பி இல்லாமல் அப்படியே நிற்க விடுவதா என்பதைத் தந்தையாரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் மீது தொழிற்சாலை அச்சு இன்னும் அழியாமல் இருப்பதால், வெட்ட அவர் சம்மதிப்பது கடினம்.